முதுகுவலியோடு காய்ச்சல்: ஊசியா, இரத்தப் பரிசோதனையா, இன்றிரவே எம்.ஆர்.ஐ.யா?

நடவு நேரத்தில் டெல்டாவில் முதுகுவலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குனிந்து நாற்றுப் பறித்தவருக்கு வலிக்கும், மூட்டை தூக்கியவருக்கு வலிக்கும், மேடும் பள்ளமுமான ரோட்டில் வண்டி ஓட்டியவருக்கும் வலிக்கும். பெரும்பாலான வலி ஓய்வெடுத்தால் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒருவருக்கு மட்டும் விஷயம் வேறாக இருக்கும். இரத்தம் வழியாகக் கிருமி வந்து முள்ளெலும்பில் தங்கி, பக்கத்து டிஸ்க்கை அரித்து, பின்னால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடுக்கில் சீழாகக் கட்டியிருக்கும். எலும்பில் இருப்பதை முள்ளெலும்புச் சீழழற்சி என்கிறோம். தண்டுவட உறைக்கு வெளியே தேங்குவது எபிடியூரல் சீழ்க்கட்டி. இரண்டும் தனித்தனியாகவும் வரும், ஒன்றைத் தொட்டு இன்னொன்றாகவும் வரும்.

அந்த இடுக்கில் கொழுப்பும் மெல்லிய சிரைகளும் மட்டும்தான் உண்டு, தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. அதனால் சீழ் மேலும் கீழும் பல முள்ளெலும்பு நீளத்துக்கு ஓட முடியும். அது தண்டுவடத்தை அழுத்துவதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள சிரைகளில் இரத்தம் உறைந்து, தண்டுவடத்துக்குப் போகும் இரத்த ஓட்டமும் கெடுகிறது. பத்து நாளாக வெறும் வலியாக இருந்தது ஒரே இரவில் கால் விழுவதற்கு இதுதான் காரணம். 1948-லேயே ஹியூஸ்னர் என்ற மருத்துவர் இதன் போக்கை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: முதலில் முதுகுவலி, பிறகு நரம்பு வழியே தொடைக்கோ விலாவுக்கோ பாயும் வலி, பிறகு காலில் பலவீனமும் சிறுநீர்ச் சிக்கலும், கடைசியில் முழு வாதம். முதல் படியில் நாள்கணக்கில் நிற்கலாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகச் சில மணி நேரம் போதும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருப்பதால் அடையாளம் தேட வேண்டாம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், வயது 58, சொந்தமாகக் கொஞ்சம் நிலம், சர்க்கரை நோய் வந்து பத்து வருடம், மாத்திரை போட்டும் போடாமலும் இருப்பவர். ஒரு மாதத்துக்கு முன் வயலில் இடது காலில் முள் கீறிப் புண்ணாகி, ஆறிப்போயிருந்தது. இப்போது பன்னிரண்டு நாளாக இடுப்பு வலி. முதலில் சுளுக்கு என்று எண்ணெய் தடவினார்கள். பிறகு ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னொரு கிளினிக்கில் ஊசி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ‘தேய்மானம்’ என்றார்கள். என்னிடம் வந்தது ஒரு மாலை ஐந்து மணிக்கு. மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

“படுத்தா வலி குறையுதா?” என்று கேட்டேன்.

“எங்க டாக்டரய்யா, படுத்தாத்தான் ஜாஸ்தி. ராத்திரி முழுக்க உக்காந்துக்கிட்டே இருக்காங்க,” என்றார் மனைவி. “சாயங்காலமானா ஒடம்பு சுடும். ஊசி போட்டா விட்டுரும், மறுபடி வரும்.”

வேலையால் வந்த வலி படுத்தால் தணிய வேண்டும். இது தணியவில்லை. கை முஷ்டியின் பக்கவாட்டால் மேலிருந்து கீழாக முதுகெலும்பைத் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு வந்ததும் மனிதர் துள்ளிவிட்டார். வலது தொடைக்கு வலி பாய்கிறது என்றார். குதிகாலில் நடக்கச் சொன்னேன், நுனிக்காலில் நடக்கச் சொன்னேன், கட்டை விரலை என் விரலுக்கு எதிராகத் தூக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். சிறுநீர், மலம், ஆசனவாயைச் சுற்றியுள்ள உணர்ச்சி மூன்றும் சரியாக இருந்தன. அதாவது ஹியூஸ்னர் சொன்ன இரண்டாம் படி. இந்த நிலையில் முன்னால் இருந்த வழிகள் மூன்று.

முதல் முடிவு: பொறுப்பதா, இரத்தம் பார்ப்பதா, நேரே ஸ்கேனா

இன்னொரு ஊசி போட்டு இரண்டு நாள் பார்ப்பது என்பதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. செலவும் குறைவு. இவருக்கு அது தப்பு என்பதற்கு வெறும் பயம் காரணமில்லை. டைக்ளோஃபெனாக் ஊசி வலியோடு காய்ச்சலையும் இறக்கிவிடும். மறுநாள் பார்க்கும் மருத்துவருக்குக் காய்ச்சல் இல்லாத நோயாளிதான் கிடைப்பார். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் அது நல்லதில்லை. கலவை ஊசியில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஆள் தெம்பாகத் தெரிவார், சீழ் தன் பாட்டுக்கு வளரும். முதுகுவலி, காய்ச்சல், கால் பலவீனம் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோய் என்று பாடத்தில் படித்திருப்போம். மூன்றும் ஒன்றாக இருப்பது முதலில் வருபவர்களில் சிலருக்கு மட்டும்தான். மூன்றாவதுக்காகக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

எக்ஸ்ரேயை நம்பியும் பயனில்லை. எலும்பு அரிப்பு படத்தில் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். சீழ் எந்த நாளிலும் எக்ஸ்ரேயில் தெரியாது. 58 வயதில் யாருக்கு எடுத்தாலும் ‘தேய்மானம்’ தெரியத்தான் செய்யும்.

அடுத்த வழி, உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சிறு டவுன் லேபிலேயே கிடைக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவு கையில் வரும். கால் பலமாக இருக்கும் நோயாளிக்கு இது நல்ல சல்லடை. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதை மட்டும் தெரிந்து படிக்க வேண்டும். சி.ஆர்.பி. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். காரணம் நின்றால் ஒரு நாளுக்குள் பாதியாகும். இ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். இரத்தசோகை, வயது, சிறுநீரகக் கோளாறு என்று பல காரணங்களால் அது தானாகவும் உயர்ந்து நிற்கும். டெல்டாவில் இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு 40 என்று வந்தால் எனக்குப் பதற்றம் வராது. 90 வந்தால் வரும்.

இன்னொரு பொறி, அலகு. சில லேபில் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருவார்கள், சிலர் டெசிலிட்டருக்குத் தருவார்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ‘14.8’ என்று பார்த்து லேசாகத்தான் கூடியிருக்கிறது என்று நினைத்தால், அது டெசிலிட்டர் கணக்காக இருந்து லிட்டருக்கு 148 ஆகிவிடும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பளவைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

நம்மவருக்கு வந்த கணக்கு இது: வெள்ளையணுக்கள் 11,800, இ.எஸ்.ஆர். 92, சி.ஆர்.பி. லிட்டருக்கு 148, கிரியாட்டினின் 1.4, சர்க்கரை 340. வெள்ளையணுக்களைத் தனியாகப் பார்த்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்கும். இந்த நோயில் அது இயல்பாகவே இருப்பதும் உண்டு, அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மற்ற இரண்டும் சேர்ந்து, சர்க்கரை நோய், ஆறிய புண், இரவு வலி ஆகியவற்றோடு நிற்கும்போது தீர்ப்பு தெளிவு: இன்றிரவே எம்.ஆர்.ஐ.

சல்லடையில் ஓட்டையும் உண்டு. காசநோய், புரூசெல்லா போன்ற மெதுவான கிருமிகளில் சி.ஆர்.பி. பெரிதாக ஏறாமல் இருக்கலாம். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக வலியை மறந்துவிட முடியாது. காலில் பலவீனம் தெரிந்தவருக்கு இந்தச் சல்லடையே வேண்டாம். இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பக்கத்து ஸ்கேன் சென்டரா, நேரே தஞ்சாவூரா

மகன் கேட்டார்: “சார், இங்கயே ஸ்கேன் எடுத்துட்டு, ரிசல்ட்ட பாத்துட்டுப் போகலாமா? தஞ்சாவூர்ல அலையணும்ல.” நியாயமான கேள்விதான். உள்ளூரில் எடுத்தால் அலைச்சல் மிச்சம், தெரிந்த இடம். இதில் என் அளவுகோல் இரண்டு. படத்தில் சீழைப் பிரித்துக் காட்டும் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி அங்கே எடுக்கிறார்களா? அறிக்கை இன்றிரவே வருமா? இரண்டுக்கும் ஆம் என்றால் உள்ளூரே போதும். அன்றைக்கு உள்ளூரில் சாதா ஸ்கேன்தான், அறிக்கை மறுநாள் மதியம் என்றார்கள். அறுவை செய்யும் வசதியும் கிடையாது. அதனால் நேரே தஞ்சாவூருக்கு அனுப்பினேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நரம்பு அறுவை நிபுணர் உள்ள தனியார் மருத்துவமனையோ, அது அவரவர் வசதி. கிளம்பும் முன் போன் செய்து “ஸ்கேன் மிஷின் ஓடுகிறதா, நிபுணர் இன்றிரவு உண்டா” என்று கேட்டுக்கொள்வது முக்கியம். பெரிய கட்டடத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போய் நள்ளிரவில் திருச்சிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. கால் விழத் தொடங்கியிருந்தால் உள்ளூர் ஸ்கேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேனும் அறுவையும் ஒரே கூரையின் கீழ் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் சீட்டில் எழுதும் வரியும் முடிவை மாற்றும். ‘இடுப்பு எம்.ஆர்.ஐ., முதுகுவலி’ என்று எழுதினால் டிஸ்க் பிதுக்கம் தேடுவார்கள், கண்டும்பிடிப்பார்கள், ஏனென்றால் அது எல்லோருக்கும் இருக்கும். ‘காய்ச்சல், சி.ஆர்.பி. 148, எபிடியூரல் சீழ் சந்தேகம், முழு முதுகுத்தண்டு, காடோலினியத்தோடு’ என்று எழுத வேண்டும். முழுத்தண்டு ஏன் என்றால், இடுப்பில் ஒன்றும் நெஞ்சுப் பகுதியில் இன்னொன்றுமாக, நடுவே விட்டுவிட்டுச் சீழ் இருக்கலாம். சிறுநீரகம் மோசமாக இருந்து காடோலினியம் போடத் தயங்கினால், மருந்தில்லாமலாவது உடனே எடுத்துவிட வேண்டும். தயக்கத்தில் இரவு போய்விடக் கூடாது. பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. முடியாதவர்களுக்கு சி.டி. இரண்டாம் தரமான மாற்று. வலியில் முக்கால் மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடியாது என்பதால் முன்கூட்டியே நல்ல வலி மருந்து கொடுத்து அனுப்பினேன். நோய் எதுவென்று தெரிந்த பிறகு வலி மருந்துக்கு நான் எதிரியில்லை.

இரவு பத்து மணிப் படத்தில் தெரிந்தது இது. மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க், டி-2 என்ற பட வரிசையில் தண்ணீர்போல வெள்ளையாக இருந்தது. அதைத் தொட்ட இரண்டு எலும்பு விளிம்புகளும் டி-1 வரிசையில் கறுத்து, எல்லைக்கோடு அழிந்திருந்தன. பின்னால், மூன்றிலிருந்து ஐந்தாம் முள்ளெலும்பு வரை, வலப்பக்கம் சற்றுத் தூக்கலாக ஒரு தேக்கம். காடோலினியம் ஏற்றியதும் அதன் விளிம்பு மட்டும் வளையமாக மின்னியது, நடு இருட்டாகவே இருந்தது. வளையம் என்றால் உள்ளே சீழ். முழுக்க ஒரே சீராக மின்னினால் அது இன்னும் சீழாகாத வீக்கத் திசு, அதை ஊசியால் உறிஞ்ச முடியாது, மருந்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் அந்த மருந்தும் அந்த அலைச்சலும்.

தேய்மானத்தாலும் எலும்பு விளிம்பு இப்படிக் கறுப்பதுண்டு. அப்போது டிஸ்க் பொதுவாக வற்றிக் கறுப்பாக இருக்கும், பின்னால் சீழ் இருக்காது, சி.ஆர்.பி.யும் அமைதியாக இருக்கும். படத்தை மட்டும் வைத்து யாரும் இதில் சண்டை போட வேண்டாம், இரத்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மருந்து முதலிலா, மாதிரி முதலிலா

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். காய்ச்சல் உள்ளவருக்கு ஆன்டிபயாடிக் போடாமல் இருக்கக் கை வராது. ஆனால் ஒரே ஒரு டோஸ் போனாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் ஆறு வாரம் எந்த மருந்து கொடுப்பது என்பதற்குக் குருட்டு யூகம்தான் மிஞ்சும்.

நோயாளியின் நிலையைப் பார்த்து இதை முடிவு செய்யலாம். முள்ளெலும்பில் மட்டும் நோய், காலில் பலவீனம் இல்லை, இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தை நிறுத்தி வைத்து, இரத்தக் கல்ச்சர் எடுத்து, தேவைப்பட்டால் சி.டி. பார்த்தபடி ஊசியால் எலும்பிலிருந்து சதை எடுத்த பிறகு தொடங்கலாம். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. காலில் பலவீனம் வந்தாலோ, நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போனாலோ கதை வேறு: கல்ச்சருக்கு இரத்தம் எடுத்த கையோடு மருந்து. எபிடியூரல் சீழ் படத்தில் உறுதியானவருக்கும் நான் இரண்டாவதையே சொல்வேன். இரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும், அதை விட்டுவிடக் கூடாது. அது வளரும் வரை காத்திருக்கவும் கூடாது.

நம்மவருக்கு என் கிளினிக்கிலேயே இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக இரண்டு செட் கல்ச்சர் எடுத்தேன், ஒவ்வொன்றிலும் இருபது மில்லி. ஒரே இடத்தில் ஐந்து மில்லி எடுத்து ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று எழுதுவதற்கு எடுக்காமலே இருக்கலாம். வழியில் ஆன்டிபயாடிக் எதுவும் போட வேண்டாம் என்று சீட்டில் பெரிதாக எழுதினேன். ஸ்கேனில் சீழ் உறுதியானதும் இரவு பதினொரு மணிக்கு மருந்து தொடங்கியது.

எந்த மருந்து? உலகம் முழுக்க இந்தச் சீழின் முதல் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மூன்றில் இரண்டு பங்கு அதுதான், தோல் புண்ணிலிருந்து வருவது. அதற்கு வான்கோமைசின், கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு செஃப்ட்ரயாக்ஸோன் என்று தொடங்குவது பொதுவான பழக்கம். நம் பக்கத்தில் நான் கூடுதலாக ஒன்றை யோசிப்பேன், மெலியாய்டோசிஸ். இதன் கிருமி நெல் வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது, வெறுங்காலோடு இறங்கும் சர்க்கரை நோயாளியைத் தேடிப் பிடிப்பது. செஃப்ட்ரயாக்ஸோனை இதற்கு நம்ப முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும், எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு வாரமாவது ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை. லேபில் இதை சூடோமோனாஸ் என்று தவறாக எழுதிவிடுவதும் நடக்கும். எனவே ‘நெல் விவசாயி, சர்க்கரை நோய்’ என்று லேபுக்குச் சொல்லிவிட வேண்டும். இவருக்கு அன்றிரவு வான்கோமைசினும் செஃப்டாசிடிமும் கொடுத்தார்கள். நெல் வயல்காரர் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்த மாற்றம் அது, எனக்கும் சரியென்றே பட்டது.

இதற்கு நேர் எதிரான தவறு, முதுகெலும்பில் தொற்று என்றதுமே காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அதிகம்தான். அது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில், மாதக்கணக்கில் மெதுவாக வளரும். தொடக்கத்தில் டிஸ்க்கை ஓரளவு விட்டுவைத்து, பல முள்ளெலும்புகளுக்கு முன்னால் மெல்லிய சுவருள்ள பெரிய சீழ்ப்பையாக இறங்கும். டிஸ்க்கையே முதலில் தின்று, பன்னிரண்டு நாளில் இந்த நிலைக்கு வருவது சாதாரணச் சீழ்க்கிருமியின் நடை. அப்படியும் சந்தேகம் வந்தால் சதை எடுத்து, காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனையைப் பார்த்துவிடலாம். பாராமலே தொடங்குவதில் ஒரு ஏமாற்று வேறு இருக்கிறது. காசநோய் மருந்துகளில் உள்ள ரிஃபாம்பிசின் ஸ்டெஃபைலோகாக்கஸையும், புரூசெல்லாவையும் கொஞ்சம் அடக்கும். இரண்டு வாரத்தில் காய்ச்சல் குறையும், ‘பாருங்கள், காசநோய்தான்’ என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள், பிறகு கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பி வரும். மாடு வைத்திருப்பவர், காய்ச்சாத பால் குடிப்பவர் என்றால் புரூசெல்லாவுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை அனுப்புவது என் வழக்கம்.

கத்தியா, மருந்து மட்டுமா

இரவு கால் நன்றாக இருந்தது. அப்போது வந்த கேள்வி, இப்போதே அறுவை செய்து சீழை வடிப்பதா, மருந்து கொடுத்துக் கவனிப்பதா? இதற்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய நல்ல ஆய்வு கிடையாது. இருப்பவை எல்லாம் பழைய நோயாளிக் குறிப்புகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. அதனால் இரண்டு நல்ல நிபுணர்கள் இதில் வேறுபடலாம்.

மருந்து மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு எல்லா நிபந்தனைகளும் ஒன்றாக வேண்டும்: கால் பலம் முழுமை, தேக்கம் சிறியது அல்லது இன்னும் சீழாகாதது, கிருமி தெரிந்திருப்பது அல்லது சீக்கிரம் தெரியப் போவது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கால் விரலைத் தூக்கச் சொல்லிப் பார்க்க ஆள், கூப்பிட்டால் வரும் அறுவை அரங்கு. கடைசி இரண்டும் இல்லாத இடத்தில் ‘மருந்து கொடுத்துப் பார்க்கிறோம்’ என்பது வேறு பெயரில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். சர்க்கரை நோய், முதுமை, மிக உயர்ந்த சி.ஆர்.பி., இரத்தத்தில் கிருமி, மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆகியவை இருந்தால் மருந்து மட்டும் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அந்தக் குறிப்புகள் காட்டுகின்றன. நம்மவருக்குச் சர்க்கரையும் சி.ஆர்.பி.யும் எதிராக இருந்தன. சாதகமாக இருந்தது இடம். இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே தண்டுவடம் கிடையாது, நரம்பு வேர்கள் மட்டும்தான். அவை அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இதே அளவு சீழ் நெஞ்சுப் பகுதியிலோ கழுத்திலோ இருந்திருந்தால், கால் நன்றாக இருந்தாலும் இரவே மேசைக்கு ஏற்றியிருப்பார்கள்.

மருந்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் பார்ப்பது என்று முடிவானது. காலை ஆறு மணிக்கு வலது கட்டை விரல் கொஞ்சம் தளர்வு. எட்டு மணிக்குப் பாதத்தை மேல்நோக்கித் தூக்கத் திணறினார். இனி மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பலவீனம் தொடங்கிய மணிக்கணக்குதான் இனி முக்கியம். முழு வாதம் வந்து ஒன்றரை நாளைத் தாண்டிவிட்டால் அறுவைக்குப் பின்னும் கால் திரும்புவது அரிது. மதியம் ஒரு மணிக்குள் பின்பக்க எலும்பு வளைவை எடுத்துச் சீழை வடித்துக் கழுவினார்கள். எலும்பு உறுதியாக இருந்ததால் திருகாணி தேவைப்படவில்லை. சீழின் ஒரு பங்கு சாதாரணக் கல்ச்சருக்கும், ஒரு பங்கு காசநோய்ப் பரிசோதனைக்கும், ஒரு பங்கு திசுப் பரிசோதனைக்கும் போனது. மூன்றையும் சேர்த்து ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செத்துப்போகும். இது சொல்லத் தேவையில்லாதது மாதிரித் தெரியும், ஆனாலும் நடக்கிறது.

அறுவைக்குக் குடும்பம் தயங்கியது. “முதுகுல கத்தி வச்சா காலு போயிடும்னு சொல்றாங்களே சார்” என்றார் மகன். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், தாமதமாக வந்து, கால் ஏற்கெனவே போன பிறகு அறுவை செய்தவர்களைப் பார்த்துத்தான். “தம்பி, உங்கப்பாவுக்குக் கால் போக ஆரம்பிச்சது காலையில ஆறு மணிக்கு. கத்தி இன்னும் வைக்கவே இல்ல” என்று அங்கிருந்த அறுவை மருத்துவர் சொன்னாராம். அதற்கு மேல் மகன் கேட்கவில்லை.

அப்புறம் ஆறு வாரம்

இரண்டாம் நாள் இரவில் இரத்தக் கல்ச்சரிலும் சீழிலும் சாதாரண மருந்துக்கு அடங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தது. வான்கோமைசினையும் செஃப்டாசிடிமையும் நிறுத்தி, சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில் செஃபாசோலின் ஊசிக்கு மாற்றினார்கள். அடங்கும் கிருமிக்கு வான்கோமைசினைவிட இது நல்ல மருந்து, விலையும் குறைவு. இரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்தவருக்கு இதய வால்வைப் பார்க்க எக்கோ கட்டாயம். அது சுத்தமாக இருந்தது.

ஆறு வாரம் போதுமா, பன்னிரண்டா என்ற பழைய விவாதத்துக்கு 2015-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வு ஒரு முடிவு சொன்னது: பெரும்பாலான சீழ்க்கிருமி முள்ளெலும்பு நோய்க்கு ஆறு வாரம் பன்னிரண்டுக்குக் குறைவில்லை. வடிக்காத பெரிய சீழ் மிச்சமிருந்தால் நீட்ட வேண்டியிருக்கும். மாத்திரைக்குச் சீக்கிரம் மாறலாமா என்று பலரும் கேட்பார்கள். எலும்புத் தொற்றில் முதல் வாரத்துக்குப் பின் மாத்திரையும் ஊசிக்கு ஈடாகும் என்று 2019-ல் வந்த பெரிய ஆய்வு உண்டு, ஆனால் நீண்ட நாள் ஊசி தேவைப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இரத்தத் தொற்று உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் இவருக்கு ஊசியே. இரண்டு வாரம் மருத்துவமனை, மீதி நான்கு வாரம் தினமும் வீட்டிலிருந்து பக்கத்து மருத்துவமனைக்குப் போய் என்று பிரித்துக்கொண்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்பது கிராமத்திலிருந்து மூன்று முறை அலைவதாகும். அதற்காக அந்த நான்கு வாரமும் அக்காள் வீட்டில், நீடாமங்கலம் டவுனிலேயே தங்கினார்.

வாரம் ஒருமுறை சி.ஆர்.பி. பார்த்தோம்: 148, 61, 24, 9. இ.எஸ்.ஆர். நான்காம் வாரத்திலும் 55-ல் நின்றது, அது அப்படித்தான் நிற்கும். கட்டை விரலின் பலம் மூன்றாம் வாரத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் மகன் மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வந்து காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வலி குறைந்து, சி.ஆர்.பி. இறங்கி, கால் தேறிவரும் ஆளுக்கு நான்காம் வாரம் படம் எடுத்தால் எலும்பு இன்னும் அரித்ததாகவும் டிஸ்க் இன்னும் சுருங்கியதாகவும்தான் தெரியும். அறிக்கையில் ‘நோய் கூடியுள்ளது’ என்று வந்து வீடே கலங்கும். மறுபடி ஸ்கேன் எடுப்பதற்கான காரணங்கள் எனக்கு நான்கு: காய்ச்சல் திரும்புவது, வலி கூடுவது, சி.ஆர்.பி. இறங்காமல் நிற்பது, காலிலோ சிறுநீரிலோ புதிதாக ஏதாவது. இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே வரச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன்.